2 இன்ச் ஷெட்யூல் 80 பைப்பின் உள் விட்டம் எவ்வளவு?

கேள்வி: சார், 2 இன்ச் ஷெட்யூல் 80 கார்பன் ஸ்டீல் பைப்புக்குள் போய் உட்காரும் மாதிரி ஒரு டம்மி பிளக் லேத்தில் கடைய வேண்டும். 2 இன்ச் என்றால் உள்ளே 50.8 மில்லிமீட்டர் இருக்கும்தானே?

பதில்: இருக்காது. 50.8-க்குக் கடைந்தால் பிளக் பைப்புக்குள் நுழையாது. கணக்குப்படி உங்கள் பைப்பின் உள் விட்டம் 49.22 மி.மீ.

இங்கே 2 இன்ச் என்பது பெயர் மட்டும்தான். பைப்பில் அந்த அளவு எங்கேயும் கிடையாது. இந்தப் பெயருக்கென்று நிலையாக இருப்பது வெளி விட்டம், அது 60.3 மி.மீ. ஷெட்யூல் 40, 80, 160 எதை வாங்கினாலும் வெளியே இதே அளவுதான். ஷெட்யூல் ஏற ஏறச் சுவர் உள்பக்கமாகத் தடிக்கும். (14 இன்ச் முதல் பெயரும் வெளி விட்டமும் ஒன்றாகிவிடும்: 355.6 மி.மீ.)

80 என்ற எண்ணை வைத்துத் தடிமனைக் கணக்குப் போட்டு எடுக்க முடியாது. அதை ASME B36.10M அட்டவணையில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு சைஸுக்கும் தனியாக. ஷெட்யூல் 80-க்கு 2 இன்ச்சில் 5.54 மி.மீ., 4 இன்ச்சில் 8.56 மி.மீ. சுவர் இரண்டு பக்கமும் இருப்பதால் தடிமனை இருமடங்காக்கிக் கழியுங்கள்:

```
60.3 - (2 x 5.54) = 49.22
```

ஒரே ஒரு தடவை கழித்துவிட்டு 54.76 என்று சொல்பவர்களும் உண்டு. ஷெட்யூல் 40-ல் தடிமன் 3.91, உள் விட்டம் 52.48.

ஆனால் 49.22-ஐ அப்படியே லேத்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அது பெயரளவுக் கணக்கு. சீம்லெஸ் பைப்பில் சுவர் 12.5 சதவீதம் வரை மெலிந்திருக்க அனுமதி உண்டு. 5.54 என்பது 4.85 ஆக இறங்கினால் உள் விட்டம் 50.6 ஆகிவிடும். வெளி விட்டமும் சற்றுக் கூடக் குறைய வரும். ஆகவே பைப் முனையை நேராக அறுத்து, பிசிறை ராவிவிட்டு, உள் விட்டத்தை வெர்னியரில் இரண்டு மூன்று திசையில் பாருங்கள். கிடைப்பதில் சிறிய அளவுக்குப் பிளக்கைக் கடைந்து, மீதி இடைவெளியை ஓ-ரிங்குக்கு விடுங்கள். வெல்டிங்குக்காகச் சாய்வாகச் சீவிய முனையில் தடிமனை அளந்தால் தப்பான அளவுதான் வரும்.

கையில் இருப்பது உண்மையிலேயே ஷெட்யூல் பைப்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். சுற்றளவு 189 மி.மீ. சொச்சம் இருப்பது மட்டும் போதாது. நம் கடைகளில் கிடைக்கும் IS 1239 'சி' கிளாஸ் 50 என்.பி. பைப்பும் வெளியே கிட்டத்தட்ட அதே அளவுதான். சுவர் மட்டும் 4.5 மி.மீ. பாய்லர் டியூப் வேறு ரகம், அதில் 2 இன்ச் என்றால் வெளி விட்டமே 50.8.