12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினால்? வாசகர் கேள்விகள்

2025-26 நிதியாண்டில், புதிய முறையில் என் நிகர வருமானம் 12,10,000. வரி 61,500 வருகிறதே, அவ்வளவும் கட்டணுமா?

வேண்டாம். 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரி இல்லை. அதற்கு மேல் உள்ள கூடுதல் வருமானம் 10,000 என்பதால் வரியும் 10,000-தான். மீதி 51,500 மார்ஜினல் ரிலீஃப். இதன்மேல் 4% செஸ் சேர்த்து 10,400 கட்டுங்கள்.

எதுவரை இந்தச் சலுகை?

சுமார் 12.70 லட்சம் வரை. அதற்குமேல் வழக்கமான வரியே கூடுதல் வருமானத்தைவிடக் குறைவு.

சம்பளம் 12.75 லட்சம். எஃப்.டி. வட்டி 18,000. வங்கி டி.டி.எஸ். பிடிக்கவில்லை. எனக்கு வரி பூஜ்யம்தானே?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. டி.டி.எஸ். பிடிக்கவில்லை என்றால் வரி இல்லை என்று யார் சொன்னது? ஆண்டு வட்டி 50,000-ஐத் தாண்டினால்தான் வங்கி பிடிக்கும் (மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம்). அது வங்கிக்கான வரம்பு. உங்களுக்கு முதல் ரூபாயிலிருந்தே அது வருமானம்.

சம்பளத்தில் நிலையான கழிவு 75,000 போனால் 12 லட்சம். வட்டியைச் சேர்த்தால் 12,18,000. சாதாரண வரி 62,700. ரிலீஃப் 44,700 போக வரி 18,000, செஸ்ஸோடு 18,720. ஆக, வட்டி முழுவதும் போய், கையிலிருந்தும் 720. இந்த இடத்தில் வரி கூடுதல் வருமானத்தைத் தாண்டாது என்பது செஸ் சேர்ப்பதற்கு முந்தைய கணக்கு. இதைப் பலர் கவனிப்பதில்லை.

வட்டியை மறைக்கலாம் என்று நினைக்காதீர்கள், வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏ.ஐ.எஸ்.-ஸில் பெரும்பாலும் அது ஏற்கெனவே ஏறியிருக்கும். திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ரிட்டர்ன் போடும் முன் ஏ.ஐ.எஸ்.-ஐத் திறந்து பாருங்கள். நேர்வழி வேண்டுமானால், ஆண்டுத் தொடக்கத்திலேயே நிறுவனத்திடம் கேட்டு, சம்பளத்தின் ஒரு பகுதியை அவர்கள் தரப்பு என்.பி.எஸ். பங்களிப்பாக மாற்றிக்கொள்ளலாம், அது புதிய முறையிலும் கழியும். 18,000 மாற்றினால் 18,720 வரி மிச்சம். ஆண்டு முடிந்த பிறகு எழுதினால் நான் என்ன செய்ய?

பழைய முறையில் 5 லட்சத்தைத் தாண்டிவிட்டேன். ரிலீஃப் உண்டா?

இல்லை. அங்கே தாண்டினால் முழு வரி.

மகன் வெளிநாட்டில், என்.ஆர்.ஐ. அவருக்கு?

12 லட்சத் தள்ளுபடியே இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்குத்தான். அவருக்கு இந்த ரிலீஃபும் கிடையாது.

சம்பளத்தோடு பங்கு விற்ற லாபமும் இருக்கிறது. எவ்வளவு வரி?

எவ்வளவு லாபம், எத்தனை மாதம் வைத்திருந்தீர்கள், எதுவும் எழுதவில்லை. ஜோசியமா பார்ப்பது? தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் லாபத்துக்குத் தள்ளுபடி கிடையாது என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லலாம். விவரத்தோடு எழுதுங்கள்.

வருமானம் 51 லட்சம். சர்சார்ஜுக்கும் ரிலீஃப் உண்டாமே?

உண்டு. புதிய முறையில் 50 லட்சத்துக்கு வரி 10.8 லட்சம். உங்களுக்கு 10% சர்சார்ஜோடு 12.21 லட்சம் வரும். ஆனால் 10.8-உடன் கூடுதல் ஒரு லட்சம், அதாவது 11.8 லட்சம்தான் உச்சம். 41,000 குறையும். செஸ் தனி.