முதல் கல்யாண ஆர்டர், கையில 60,000: லென்ஸ் வாங்கவா, வேற ஏதாவது வாங்கவா?

கேள்வி: அண்ணா, இதுவரைக்கும் ஒருத்தர்கிட்ட அசிஸ்டெண்டா போயிட்டு இருந்தேன், இப்ப முதல் தடவையா தனியா ஒரு கல்யாணம் கிடைச்சிருக்கு. கும்பகோணத்துல முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலைல 6 மணிலேர்ந்து 7.30 முகூர்த்தம். என்கிட்ட சோனி ஏ6400, கிட் லென்ஸ் 16-50, ஒரு 50 எம்எம் 1.8 இருக்கு. நிக்கான் டி5600 வெச்சிருக்க ஃப்ரெண்ட் ஒருத்தன் செகண்ட் ஷூட்டரா வர்றான். கையில 60,000 இருக்கு, 17-70 2.8 லென்ஸ் வாங்கிடலாமா? வேற என்னென்ன எடுத்துட்டு போகணும்?

பதில்: இப்ப வாங்காதீங்க தம்பி. நல்ல லென்ஸ் தான், குறை சொல்லல. ஆனா உங்க பணத்துல பெரும்பகுதிய அதுவே முழுங்கிடும், முழுங்கின பிறகும் உங்க கேமராவுல கார்டு ஸ்லாட் ஒன்னு தான் இருக்கும். ஏ6400லயும் சரி, டி5600லயும் சரி, ஒரே ஸ்லாட். தாலி கட்டுற போட்டோ இருக்க கார்டு படுத்துடுச்சுன்னா மாப்பிள்ளைய கூப்ட்டு இன்னொரு தடவை கட்ட சொல்ல முடியாதுல்ல. கிட் லென்ஸ்ல எடுத்த படம் கொஞ்சம் கிரெய்ன் அடிக்கும், அதுக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க, படமே இல்லன்னா தான் வருவாங்க.

அதனால ரெண்டு ஸ்லாட் இருக்க பாடி ஒன்ன ரெண்டு நாளைக்கு வாடகைக்கு எடுங்க. சோனி ஏ7 3 பெரும்பாலான வாடகை கடையில கிடைக்கும், கூடவே 24-70 2.8. மெனுவுல ரெண்டு கார்டுலயும் ஒரே நேரத்துல பதியிற மாதிரி வெச்சுக்கலாம், ஒன்னு போனாலும் இன்னொன்னு இருக்கும். மணவறைல நமக்கு கிடைக்கிற இடம் ஒரு ஆள் நிக்கிற அளவு தான், எதிர்ல வீடியோ காரர், பக்கத்துல அத்தை மாமா செல்போனோட, அதனால முகூர்த்தம் பாதிக்கு மேல 24லேர்ந்து 35க்குள்ளயே தான் ஓடும். 70-200 இல்லயேன்னு கவலைப்படாதீங்க, அது ரிசப்ஷன்ல கீழ நின்னு எடுக்க நல்லா இருக்கும், இல்லன்னாலும் ஒன்னும் குடி முழுகாது.

உங்க 50 எம்எம் பத்தி ஒரு விஷயம். சோனில 50 1.8ங்கிற பேர்ல ரெண்டு லென்ஸ் இருக்கு. மேல ஓஎஸ்எஸ்னு எழுதியிருந்தா அது உங்க ஏ6400 மாதிரி சின்ன சென்சாருக்குன்னு செஞ்சது, ஏ7 3ல போட்டா கேமரா நடுப்பகுதிய மட்டும் எடுத்துக்கிட்டு சுமார் 10 மெகாபிக்சல் படம் தான் தரும். எஃப்இன்னு இருந்தா முழுசா வரும். போறதுக்கு முன்னாடியே எதுன்னு பாத்து வெச்சுக்கோங்க.

வாடகை செட்ட அன்னிக்கு காலைல வாங்காதீங்க, முந்தின நாளே வாங்கி வீட்ல வெச்சு பாருங்க. ஏற்கனவே இருக்க கீறல கடைக்காரர் முன்னாடியே போன்ல படம் புடிச்சுக்கணும். அப்புறம் அப்பர்ச்சர 16ல வெச்சு வெள்ளை சுவத்த ஒரு படம் எடுத்தா சென்சார்ல தூசி எவ்ளோ இருக்குன்னு தெரிஞ்சிடும். எல்லாத்தயும் விட முக்கியம், முன்னாடி எடுத்துட்டு போனவர் என்ன செட்டிங் வெச்சாரோ அது அப்படியே இருக்கும், ஜேபெக் மட்டும்னு இருக்கலாம், ரெண்டாவது ஸ்லாட்டுக்கு வீடியோ மட்டும் போகட்டும்னு இருக்கலாம், தேதி போன வருஷத்துல நிக்கலாம். முழுசா ரீசெட் பண்ணி உங்க இஷ்டத்துக்கு வெச்சுட்டு 20 படம் எடுத்து ரெண்டு கார்டுலயும் 20 இருக்கான்னு எண்ணி பாருங்க.

இங்க தான் பேட்டரி சிக்கல் வருது, நிறைய பேர் மாட்டுறது இதுல தான். ரெண்டும் சோனி, லென்ஸ் மவுண்ட்டும் ஒன்னு, ஆனா பேட்டரி வேற வேற. ஏ6400க்கு எஃப்டபிள்யூ50, ஏ7 3க்கு எஃப்இசட்100. ஒன்னு இன்னொன்னுல நுழையாது, சார்ஜரும் வேற. வாடகை கடையில கேக்கலன்னா பல நேரம் ஒரு பேட்டரி தான் குடுப்பாங்க, நீங்க 3 கேட்டு வாங்குங்க, ரிசப்ஷனுக்கு ஒன்னு, முகூர்த்தத்துக்கு ஒன்னு, கையிருப்பு ஒன்னு. ஏ6400ஓட சின்ன பேட்டரிய சோனியே வ்யூஃபைண்டர்ல பாத்து எடுத்தா சுமார் 360 படம்னு தான் சொல்லுது, அதுக்கும் 3 வெச்சுக்கோங்க. மாத்து கம்பெனி பேட்டரி வாங்கலாம், தப்பில்ல, ஆனா அது காட்டுற சதவீதத்த நம்பாதீங்க. எனக்கு ஒரு தடவை 40ன்னு காட்டிட்டு இருந்த பேட்டரி கெட்டி மேளம் ஆரம்பிச்ச செகண்ட்ல செத்துச்சு, பாக்கெட்ல இன்னொன்னு இருந்ததால பொழைச்சேன். அதுலேர்ந்து முகூர்த்தத்துக்கு 10 நிமிஷம் முன்னாடி, எவ்ளோ மிச்சம் இருந்தாலும் சரி, ஃபுல் பேட்டரியா மாத்திடுவேன்.

அப்புறம் சார்ஜ் போடுற நேரத்த கணக்கு போடுங்க. ரிசப்ஷன் முடிய 10.30 ஆகும், நீங்க சாப்ட்டு ரூமுக்கு வர 11.30, காலைல 4 மணிக்கு பொண்ணு அலங்காரம் எடுக்க கெளம்பணும். நாலரை மணி நேரத்துல ஒரே சார்ஜர்ல 3 பேட்டரி ஏறாது, அதுவும் நடுராத்திரி எந்திரிச்சு மாத்தி போட்டா தான் உண்டு. ரெண்டு பேட்டரி ஒன்னா போடுற சார்ஜர் வாங்குங்க, அதோட 6 பாயிண்ட் இருக்க எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்னு, ஏன்னா மண்டபத்து ரூம்ல ஒரு பிளக் தான் வேலை செய்யும், அதுலயும் யாரோ போன் போட்டிருப்பாங்க. ஃபிளாஷுக்கு பென்சில் பேட்டரின்னா 4 வீதம் 3 செட், எல்லாம் ரீசார்ஜ் ஆகுறதா இருக்கட்டும்.

இனி கார்டு. உங்க கேமராவுல ஒரு ரா படம் ஏறத்தாழ 25 எம்பி, ஏ7 3லயும் கம்ப்ரஸ்டு ரா வெச்சா அதே அளவு தான், அன்கம்ப்ரஸ்டு வெச்சீங்கன்னா டபுள் ஆயிடும், வேண்டாம். நீங்க ரிசப்ஷன்ல 1000, மறுநாள் 1000 எடுக்குறீங்கன்னு வெச்சுக்குவோம், மொத்தம் 50 ஜிபி. ஒரு 64 ஜிபி கார்டுலயே எல்லாம் அடங்கிடும், ஆனா அடங்குதேன்னு ஒரே கார்டுல போடக்கூடாது. ரிசப்ஷனுக்கு ஒரு ஜோடி, முகூர்த்தத்துக்கு ஒரு ஜோடி, ஆக 64 ஜிபி 4, ஃப்ரெண்டுக்கு 2, எக்ஸ்ட்ரா 1. மொத்தம் 7. அட்டைல பெருசா போட்டிருக்க வேகத்த பாத்து காசு குடுக்காதீங்க, அது படிக்கிற வேகம், நமக்கு வேணுங்கிறது எழுதுற வேகம். ஏ6400, டி5600 ரெண்டும் யூஎச்எஸ்1 வரைக்கும் தான் போகும், அதுக்கு மேல உள்ள விலை கூடின கார்டு இதுகள்ல போட்டா வேஸ்ட். ஏ7 3ல ஒரு ஸ்லாட் தான் வேகமானது, ரெண்டுலயும் ஒன்னா பதியும்போது மெதுவா இருக்கிறது தான் வேகத்த தீர்மானிக்கும், அதனால அங்கயும் வி30 போட்ட நல்ல பிராண்டு கார்டே போதும்.

போலி கார்டு ரொம்ப சுத்துது. பில்லோட வாங்குங்க, வாங்கின அன்னிக்கே விண்டோஸ் லேப்டாப்ல H2testw போட்டு முழுசா எழுதி படிச்சு பாருங்க. இது இலவச மென்பொருள் தான். 64ன்னு சொல்ற போலி கார்டு உள்ள நிஜமா 8 இருந்தாலும் கேமராவுல 64ன்னே காட்டும், 8 தாண்டினதும் எழுதுறது எல்லாம் காத்துல போயிடும், படம் எடுக்கும்போது உங்களுக்கு ஒன்னும் தெரியாது. டெஸ்ட்டுல எர்ரர் வந்தா ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள திருப்பி குடுத்துடலாம்.

ரிசப்ஷன் ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. 25 ஜிபிய யூஎஸ்பி 3 கார்டு ரீடர்ல காப்பி பண்ண அஞ்சாறு நிமிஷம் தான் ஆகும், பழைய யூஎஸ்பி 2 ரீடர்னா 15 நிமிஷம். கார்டுலேர்ந்து லேப்டாப்புக்கு ஒரு தடவை, திரும்ப கார்டுலேர்ந்தே எஸ்எஸ்டிக்கு ஒரு தடவை. லேப்டாப்ல இருக்கிறத எஸ்எஸ்டிக்கு போட்டா முதல் காப்பில தப்பு இருந்தா அதே தப்பு ரெண்டாவதுலயும் போகும். எண்ணிக்கை சரியா இருக்கான்னு பாருங்க, நடுவுல நடுவுல பத்து படம் திறந்து பெருசாக்கி பாருங்க. லேப்டாப் உங்க பையில, எஸ்எஸ்டி ஃப்ரெண்டு பையில. ரெண்டும் ஒரே பையில இருந்து பஸ்ல பை போச்சுன்னா பேக்கப் எடுத்ததுக்கே அர்த்தம் இல்ல. கார்ட அழிக்காதீங்க, ஆல்பம் குடுக்குற வரைக்கும் அப்படியே கெடக்கட்டும், அதுக்கு தான் 7 வாங்க சொன்னேன். வீட்டுக்கு வந்து எப்பவும் டேபிள்ல இருக்க மாதிரி ஒரு ஹார்ட் டிஸ்க்ல மூணாவது காப்பி.

ஒரு எச்சரிக்கை, ஏ7 3, ஏ6400 ரெண்டும் படத்துக்கு DSC00123.ARW ன்னு ஒரே மாதிரி தான் பேர் வைக்கும். ரெண்டையும் ஒரே ஃபோல்டர்ல கொட்டி, மேல எழுதவான்னு கேக்கும்போது ஆமான்னு தட்டினா பாதி கல்யாணம் காலி. கேமராவுக்கு ஒரு ஃபோல்டர் வைங்க.

இப்ப உங்க ஃப்ரெண்டு. டி5600 பேட்டரி நல்லா ஓடும், அவருக்கு 2 போதும். லென்ஸ் வாங்கும்போதோ இரவல் கேக்கும்போதோ மட்டும் ஜாக்கிரதை, அந்த பாடிக்குள்ள ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்க பழைய 50 1.8டி போட்டா ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது, 50 1.8ஜி தான் வேணும். கிட் லென்ஸ்ல முகூர்த்தத்த எடுக்க விடாதீங்க, அவருக்கு நாதஸ்வரம், கோலம், சீர் தட்டு, பந்தி, வந்தவங்க முகம்னு குடுங்க. தாலி கட்டும்போது மட்டும் மணவறைக்கு எதிர்பக்கம், உங்க முதுகு அவர் ஃப்ரேம்ல வராத இடமா பாத்து நிக்க சொல்லுங்க. ஏ6400ல 50 எம்எம் மாட்டி உங்க தோள்ல தொங்கட்டும், வாடகை பாடி மக்கர் பண்ணா அது தான் கைகுடுக்கும்.

கெளம்புறதுக்கு முன்னாடி மூணு கேமராவுலயும் நேரத்த ஒரே போன பாத்து நிமிஷத்துக்கு சரியா வைங்க, மூணுலயும் அந்த போன் கடிகாரத்த ஒரு படம் எடுத்துக்கோங்க, பின்னாடி வித்தியாசம் தெரிஞ்சா லைட்ரூம்ல Edit Capture Time போட்டு ஒரே அடில சரி பண்ணிடலாம். பண்ணலன்னா மாலை மாத்துறதுக்கு முன்னாடியே தாலி கட்டின மாதிரி படம் வரிசையா நிக்கும்.

ஃப்ரெண்டுக்கு உங்க கார்டையே குடுங்க, மேல நம்பர் ஒட்டி. அவர் சொந்த கார்டுல எடுத்தா, வீட்டுக்கு போய் அனுப்புறேன்டான்னு சொல்லிட்டு போவார், எனக்கு அப்படி போன ஒரு கார்டு வாஷிங் மெஷின் வரைக்கும் போயிட்டு தான் திரும்பி வந்துச்சு. முகூர்த்தம் முடிஞ்சு பந்திக்கு உக்காருறதுக்கு முன்னாடி கார்டு உங்க டப்பாவுக்கு வந்துடணும்.

இதெல்லாம் போக மீதி இருந்தா பத்திரமா வைங்க. நாலஞ்சு ஆர்டர் முடிஞ்சு ஏ6400லயே தொடரலாம்னு தோணுச்சுன்னா 17-70 வாங்குங்க. ஃபுல் ஃபிரேமுக்கு போற எண்ணம் இருந்தா வாங்கவே வாங்காதீங்க, அந்த ஓஎஸ்எஸ் லென்ஸ் கதை தான் இதுக்கும், ஏ7 3ல மாட்டினா 10 மெகாபிக்சல் தான்.