ஆண்டறிக்கையில் இருக்கும் இயக்குநர்கள் அறிக்கையையும் மேலாண்மை விவாதத்தையும் படித்து, கம்பெனியில் சமீபத்தில் என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி? எனக்கு எல்லாமே விளம்பரம் மாதிரித்தான் தெரிகிறது.

போன வருடத்து ஆண்டறிக்கையையும் இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு அறிக்கையை மட்டும் படித்தால் விளம்பரம் மாதிரித்தான் இருக்கும், எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. இந்த இரண்டு பகுதியிலும் பல வாக்கியங்கள் வருடா வருடம் அப்படியே திரும்ப வரும். எது புதிதாக நுழைந்திருக்கிறது, எது சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கிறது என்பது பழையதோடு ஒப்பிட்டால்தான் கண்ணில் படும்.

நான் சொல்வது இந்தியாவில் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளைப் பற்றி. பெரும்பாலான கம்பெனிகளுக்குக் கணக்கு மார்ச் 31-ல் முடியும். இயக்குநர்கள் அறிக்கையில் கையெழுத்து விழுவது அதற்கப்புறம் சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து. அந்தக் கையெழுத்துத் தேதி அறிக்கையின் கடைசியில் இருக்கும், நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஏனென்றால் இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் கம்பெனியின் நிதிநிலையைப் பாதிக்கும் அளவுக்கு முக்கியமான மாற்றம் எதுவும் நடந்திருந்தால், அதை இங்கே சொல்லியாக வேண்டும் என்று 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 134-வது பிரிவு சொல்கிறது. அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதனால் பிடிஎஃப்பில் `material changes` என்று தேடுங்கள், அந்தப் பத்தி வந்துவிடும். பெரும்பாலும் "அப்படி எதுவும் இல்லை" என்று ஒரு வரிதான் இருக்கும். அந்த ஒரு வரி நான்கு வரியாக நீண்டிருந்தால் அங்கே நின்று நிதானமாகப் படியுங்கள். ஒரு பிரிவை விற்க ஒப்பந்தம் போட்டது, ஆலையில் விபத்து நடந்தது, இன்னொரு கம்பெனியை வாங்கியது மாதிரியான விஷயங்கள் அங்கே இருக்கும், ஆனால் அவற்றின் விளைவு அந்த வருடத்து லாப நட்டக் கணக்கில் பெரும்பாலும் இன்னும் ஏறியிருக்காது. எது முக்கியம் என்று முடிவு செய்வது கம்பெனிதான் என்பதால், "எதுவும் இல்லை" என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம்.

சரி, மேலாண்மை விவாதத்துக்கு வருவோம். அதில் தொழில்துறை, உலகப் பொருளாதாரம் என்று பல பக்கம் ஓடும். அதை நான் வேகமாகப் புரட்டிவிடுவேன், கம்பெனியைப் பற்றி அதில் பெரிதாக எதுவும் இருக்காது. நான் நேராகப் போவது விகிதங்கள் இருக்கும் அட்டவணைக்கு. வாடிக்கையாளர் பாக்கி, சரக்குக் கையிருப்பு, வட்டி கட்டும் திறன், கடன், லாப விகிதம் போன்ற முக்கிய விகிதங்களில் ஏதாவது போன வருடத்தைவிட 25 சதவீதமோ அதற்கு மேலோ மாறியிருந்தால், ஏன் மாறியது என்று விளக்கம் தர வேண்டும் என்பது செபியின் விதி. நிர்வாகம் தானாக முன்வந்து சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டி வரும் இடம் இது. விதிக்காக எழுதும் விளக்கம் என்பதால் சுருக்கமாகத்தான் இருக்கும், ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க முடியும்.

நான் பங்கு வைத்திருந்த ஒரு நடுத்தர உற்பத்திக் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். விற்பனை நன்றாகக் கூடியிருந்தது, தலைவரின் கடிதம் முழுக்க அந்தப் பேச்சுதான். அட்டவணையில் பார்த்தால் வாடிக்கையாளர் பாக்கி சுழற்சி விகிதம் 6-ல் இருந்து 4.3-க்கு இறங்கியிருந்தது. 365-ஐ அந்த எண்ணால் வகுத்தால் பணம் வந்துசேர எத்தனை நாள் ஆகிறது என்று தெரியும்: முன்பு சுமார் 61 நாள், இப்போது 85 நாள். இறக்கம் 28 சதவீதம் என்பதால் விளக்கம் எழுதியிருந்தார்கள், "ஆண்டின் கடைசிக் காலாண்டில் விற்பனை அதிகம் நடந்ததால்" என்று. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மார்ச்சில் விற்ற சரக்குக்கு மார்ச் 31-க்குள் பணம் வந்திருக்காது அல்லவா?

ஆனால் காலாண்டு முடிவுகளை எடுத்துப் பார்த்தேன். கடைசிக் காலாண்டு விற்பனை அதற்கு முந்தைய காலாண்டைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. அப்படியென்றால் அந்த விளக்கம் நிற்கவில்லை. அப்புறம் நிதிநிலை அறிக்கையின் குறிப்புகளில், பாக்கி எத்தனை மாதமாக நிற்கிறது என்று காட்டும் அட்டவணைக்குப் போனேன். ஆறு மாதத்துக்கு மேல் நின்ற தொகை போன வருடத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். விற்றார்கள், பணம் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். மொத்தமாக அரை மணி நேர வேலை. விகிதம் 24 சதவீதம் மட்டும் இறங்கியிருந்தால் இந்த விளக்கமே வந்திருக்காது, அதனால் எல்லையை ஒட்டி நிற்கும் விகிதங்களையும் ஒருமுறை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். விகிதத்துக்கான சூத்திரத்தையே மாற்றியிருக்கிறார்களா என்பதையும் பழைய அறிக்கையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

காணாமல் போன வரி என்று மேலே சொன்னேனே, அதுவும் இதே கம்பெனியில்தான் கிடைத்தது. முந்தைய வருட விவாதத்தில், புதிய ஆலை அடுத்த நிதியாண்டின் இரண்டாம் காலாண்டில் உற்பத்தியைத் தொடங்கும் என்று தெளிவாக இருந்தது. இந்த வருடம் "ஆலைப் பணிகள் நல்ல முறையில் நடந்து வருகின்றன" என்று மட்டும் இருந்தது, தேதி போய்விட்டது. கட்டுமானத்தில் இருக்கும் சொத்துகளுக்கான குறிப்பைப் பார்த்தால் அந்தத் தொகை வருடம் முழுக்க ஏறக்குறைய அசையவே இல்லை. வேலை நடந்தால் அந்த எண் ஏற வேண்டும். ஆலை ஓடத் தொடங்கியிருந்தால் அது அங்கிருந்து நிலையான சொத்துகளுக்கு மாறியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை.

மறுபடி இயக்குநர்கள் அறிக்கைக்குப் போய், யார் யார் விலகினார்கள் என்ற பத்தியையும் படித்துவிடுங்கள். நிதித் தலைமை அதிகாரியோ தணிக்கையாளரோ பதவிக்காலம் முடியும் முன்பே போயிருந்தால் அதை நான் லேசாக விடமாட்டேன், காரணம் "சொந்தக் காரணங்கள்" என்று இருந்தாலும் சரி. தணிக்கையாளர் ஏதாவது குறை சொல்லியிருந்தால் அதற்கு இயக்குநர்கள் தரும் பதிலும் இதே அறிக்கையில்தான் வரும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். மேலாண்மை விவாதம் தணிக்கை செய்யப்பட்டது இல்லை. கணக்குகளோடு அது முரண்படுகிறதா என்று தணிக்கையாளர் படித்துப் பார்ப்பார், அதில் இருக்கும் எதிர்பார்ப்புகளுக்கு அவர் பொறுப்பில்லை. அதோடு கையெழுத்துத் தேதிக்குப் பிறகு நடந்தது எதுவும் அதில் இருக்காது, அதற்குப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் அந்தக் கம்பெனி கொடுத்த அறிவிப்புகளை அந்தத் தேதியிலிருந்து இன்றுவரை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அந்த ஆலை விஷயத்தை ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்னால் கம்பெனிச் செயலருக்கு மின்னஞ்சலில் கேட்டேன், இரண்டு அறிக்கைகளின் பக்க எண்களையும் குறிப்பிட்டு. கூட்டத்தில் பதில் வந்தது: ஒரு அனுமதி கிடைக்காததால் வேலை நின்றிருக்கிறது, புதிய தேதி இன்னும் முடிவாகவில்லை.