பவர்கட் அன்றும் ஃப்ரிட்ஜில் 4 டிகிரி

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் குடும்ப லேபை இந்த வருஷம்தான் நான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். டெக்னீஷியனுக்குச் சம்பளம் கூட்டுவதற்கு முன் ரிசல்ட் சரியா, ரிப்போர்ட் நேரத்துக்கு வருகிறதா, மெஷினைப் பார்த்துக்கொள்கிறாரா, தப்பு நடந்தால் சொல்கிறாரா என்று மதிப்பிட வேண்டும். நான் டெக்னிக்கல் ஆள் இல்லை. எதை வைத்துப் பார்ப்பது?

நீங்கள் கடைசியாகக் கேட்டதை முதலில் பாருங்கள். மற்ற மூன்றுக்கும் சாட்சி அவர் கையால் எழுதும் நோட்டுகள்தான். அந்த எழுத்தே பொய் என்றால் மார்க் போட்டு என்ன பயன்?

இதற்கு டெக்னிக்கல் அறிவு வேண்டாம். ஃப்ரிட்ஜ் வெப்பநிலை நோட்டை எடுங்கள். ரீஏஜென்ட் இருக்கும் ஃப்ரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலை, மாலை இரண்டு வேளையும் குறிப்பார்கள். ஈபிகாரர்கள் மாதப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட்டை நிறுத்திய தேதி ஒன்றைத் தேடிப் பாருங்கள். சின்ன லேப்களில் ஃப்ரிட்ஜ் பெரும்பாலும் இன்வர்ட்டரில் இருக்காது. அன்று மாலையும் 4 என்றே எழுதியிருந்தால், தெர்மாமீட்டரைப் பார்க்காமல் உட்கார்ந்த இடத்தில் எழுதியதாகத்தான் இருக்கும். ஒழுங்காகப் பார்த்தவர் 9 என்றோ 10 என்றோ எழுதி, கிட்டுகளை ஐஸ் பெட்டிக்கு மாற்றினாரா, கன்ட்ரோல் ஓட்டிப் பார்த்தாரா என்பதையும் பக்கத்தில் குறித்திருப்பார்.

காரைக்குடியில் என் லேபிலேயே இப்படி 4, 4, 4 என்று ஒரு மாதம் முழுக்க ஒரே பேனாவில் இருந்தது. கோபமாகக் கேட்கப் போனவன் வாயை மூடிக்கொண்டேன். அதற்கு முந்தின வருடம் 9 என்று எழுதியதற்காக நோட்டு எழுதும் பையனைத் திட்டியது நான்தான்.

ரிசல்ட் சரியா என்பதற்கும் இதே கண்ணோடு பார்க்கலாம். தினமும் காலையில் அளவு தெரிந்த கன்ட்ரோல் சீரத்தை ஓட்டி ஒரு வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் 2 எஸ்டி கோடுகள்; எஸ்டி என்பது புள்ளிகள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு. மெஷின் நன்றாக இருந்தாலும் ஏறக்குறைய 20 புள்ளிக்கு ஒன்று அந்தக் கோட்டைத் தாண்டும். அது கணக்கின் இயல்பு, யார் குற்றமும் இல்லை. வருடம் முழுக்க ஒன்றுகூடத் தாண்டவில்லை என்றால், கன்ட்ரோல் பாட்டிலோடு வரும் தாளில் உள்ள அகலமான எல்லையை அப்படியே போட்டிருக்கிறார்கள். இல்லையென்றால் உள்ளே வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டி, நல்ல புள்ளியை மட்டும் வைத்திருக்கிறார்கள். எது என்று அறிய மெஷின் மெமரியையும் நோட்டையும் ஒரு வாரத்துக்கு ஒப்பிட்டால் போதும். வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித்தரப் பரிசோதனைத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் அந்த மாத அறிக்கைகளையும் பாருங்கள். ஆனால் அவர்கள் அனுப்பும் சாம்பிளை மட்டும் மாப்பிள்ளை மாதிரி கவனித்து ஓட்டும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி. வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்து வரும் பையன் மாதிரியைக் கொண்டுவந்தான். எலக்ட்ரோலைட் மெஷினில் பொட்டாசியம் 8.9 வந்தது. சாதாரணமாக 3.5 முதல் 5 வரை இருக்கும்; 8.9 என்றால் இதயத் துடிப்பே தடுமாறும். எங்கள் டெக்னீஷியன் மறுபடி ஓட்டினார், அதேதான். சீரம் சிவக்கவில்லை, அதனால் ரத்த அணுக்கள் உடைந்தது காரணமில்லை. கிரியாட்டினின் 0.9, அதனால் சிறுநீரகமும் காரணமாகத் தெரியவில்லை. டாக்டர் கேட்காத கால்சியத்தைத் தானாகப் போட்டுப் பார்த்தார்: 4.6. இருக்க வேண்டியது ஏறக்குறைய 9.

பொட்டாசியம் மேலே, கால்சியம் கீழே, இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் ஊதா மூடி டியூப்பைச் சந்தேகிக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க அதில் இருப்பது பொட்டாசியம் ஈடிடிஏ. அந்தப் பொட்டாசியம் கணக்கில் ஏறிவிடும், ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பையனைக் கேட்டால் முதலில் இல்லவே இல்லை என்றான். பிறகு, "நரம்பு கிடைக்கல அண்ணே, சிவப்பு டியூப்ல பத்தல, ஊதாவுல இருந்து கொஞ்சம் ஊத்தினேன்" என்றான்.

டெக்னீஷியன் ரிப்போர்ட்டை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்து, இப்படிச் சந்தேகம், உடனே மறு சாம்பிள் எடுக்கிறோம் என்றார். ஆச்சி நன்றாகத்தான் இருக்கிறார் என்று தெரிந்தும் போனைத் தவிர்க்கவில்லை. நம் சந்தேகம் தப்பாக இருந்தால் போவது உயிர். மறு சாம்பிளில் 4.3.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதற்குப் பிறகு செய்ததற்காக. அதே பையன் அந்த வாரம் எடுத்து வந்த சாம்பிள்களையெல்லாம் புரட்டியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை ஒன்று, பொட்டாசியம் 5.8, ரிப்போர்ட் போய்விட்டது. மிச்சமிருந்த சீரத்தில் கால்சியம் போட்டால் அதுவும் குறைவு. என்னிடம் வந்து, "அண்ணே, இது நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினது, அன்னைக்கே நான் யோசிச்சிருக்கணும்" என்றார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த டாக்டருக்கும் சொன்னோம், புது சாம்பிள் எடுத்துத் திருத்திய ரிப்போர்ட் கொடுத்தோம். ரிஜிஸ்டரில் பழைய எண்ணை அழிக்கவில்லை. ஒரே கோடு போட்டு அடித்து, காரணம், தேதி, கையெழுத்து வைத்தார்.

இப்போது நேரக் கணக்குக்கு வாருங்கள். ஆச்சியின் ரிப்போர்ட் இரண்டரை மணி நேரம் தாமதம். சராசரியை வைத்து மார்க் போட்டால் அந்த மாதம் அவருக்கு அடி விழும். அதனால் மறு சாம்பிள் எடுத்தவற்றைத் தனியாக ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் நேரம் பார்க்கிறேன். கெடு வைப்பதிலும் ஒரு நியாயம் வேண்டும். சிவப்பு டியூப்பில் ரத்தம் உறையவே அரை மணி ஆகும், சென்ட்ரிஃப்யூஜில் சுற்ற இன்னும் பத்து நிமிடம். கிராமத்திலிருந்து வந்தவர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று உறையாமலே சுற்றச் சொன்னால், சீரத்தில் நூல் நூலாக ஃபைப்ரின் நின்று மெஷினின் ஊசியை அடைக்கும். அடைப்புக்கான பழி மெஷினைப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அவர் தலையில் விழும், அவசரப்படுத்தியது நாம். மெஷின் பராமரிப்பைப் பொறுத்தவரை வேலை முடிந்ததும் மெஷினுக்குள் சாம்பிளை அளக்கும் ஃப்ளோசெல்லைக் கழுவுகிறாரா என்று சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள், அது போதும்.

தப்புகளின் எண்ணிக்கைக்கு நான் மார்க் குறைப்பதில்லை. வருடத்தில் பதிவான ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் ஒன்று மட்டும் எழுதுவேன்: கண்டுபிடித்தது யார்? அவரே என்றால் நல்லது. டாக்டரோ நோயாளியோ போன் செய்துதான் தெரிந்தது என்றால் அதைப் பற்றிப் பேச வேண்டும். அதே தப்பு மூன்றாம் முறை வந்தால் யார் சொன்னாலும் மார்க் குறையும். போன வருடம் எங்கள் நோட்டில் பதினொன்று, அதில் எட்டு அவரே சொன்னது. சம்பளம் கூட்டினேன்.

ரத்தம் எடுக்கும் பையனை அனுப்பிவிடலாம் என்றார்கள் வீட்டில். வைத்துக்கொண்டேன். போன மாதம் பள்ளத்தூரிலிருந்து அவனே போன் செய்தான்: "அண்ணே, சிவப்புல ரெண்டு சொட்டுதான் வந்துச்சு. ஊத்தல. திரும்பக் குத்தவா, நாளைக்கு வரச் சொல்லவா?"