மரம் வெளுக்காமல், தந்தி மட்டும் மின்ன வீணையைப் படம் எடுப்பது

கேள்வி: எங்கள் இசைப் பள்ளியின் துண்டறிக்கைக்கு வீணையை நெருக்கத்தில் படம் எடுக்கிறேன். மர ரேகையும் தெரியணும், தந்தியும் மின்னணும், மேடை விளக்கு மாதிரி இதமான மஞ்சளும் வேணும். லைட் போட்டால் மரம் வெளுக்குது, லைட்டைக் குறைத்தால் தந்தி செத்துப் போகுது. என்ன செய்ய?

பதில்: இதே வேலையை ஒரு பள்ளிக்காகச் செய்து, முதல் நாள் முழுசாகச் சொதப்பியவன் நான். உங்கள் சிக்கல் லைட்டின் அளவில் இல்லை. மரத்தின் மேல் இருக்கும் வார்னிஷும் தந்தியும் ஒரே விளக்கைத்தான் பிரதிபலிக்கின்றன. ஒன்றைக் கொன்று மற்றதை விட்டுவைக்க வேண்டும். அதற்கு போலரைசர் போதும் (கடையில் சிபிஎல் ஃபில்டர் என்று கேளுங்கள்). வார்னிஷ் போன்ற பரப்பில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளியை அது வெட்டும். உலோகத்தில் பட்டு வருவதை அவ்வளவாகத் தொடாது. ஃபில்டரைத் திருப்பிக்கொண்டே திரையைப் பாருங்கள். ஓர் இடத்தில் வெள்ளைப் பூச்சு விலகி பலா மரத்தின் ரேகை மேலே வரும், தந்தி அப்படியே மின்னிக்கொண்டிருக்கும். செல்போனில் எடுத்தால் ஃபில்டரை லென்சுக்கு முன் கையால் பிடித்தாலே நடக்கும்.

ஆனால் கோணம் முக்கியம். மரப் பரப்பிலிருந்து சுமார் 35 டிகிரி உயரத்தில் கேமரா இருக்கும்போதுதான் வெட்டு முழுசாக விழும். அதனால்தான் உருண்டையான குடத்தை விட்டுவிட்டு, குதிரை நிற்கும் மேல் பலகையைத் தேர்ந்தெடுத்தேன். குடத்தில் கோணம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு பட்டை சுத்தமாகவும் மிச்சம் வெளுத்தும் வரும். மேல் பலகை ஏறக்குறைய தட்டை. ரேகையும் அங்கே நன்றாக ஓடும், நாலு வாசிப்புத் தந்தியும் அதன் மேல்தான் போகின்றன.

அடுத்தது தந்தி. நான் முதலில் ஒரு சின்ன பல்பை வைத்தேன். ஒவ்வொரு தந்தியிலும் ஒரு புள்ளி மட்டும் மின்னியது. தந்தி ஒரு மெல்லிய உருளை. ஒரு புள்ளி விளக்கை அது தன் நீளத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். தந்தி முழுக்க மின்ன வேண்டுமென்றால் விளக்கும் நீளமாக, தந்திக்கு இணையாக இருக்க வேண்டும். வீட்டில் மாட்டும் 4 அடி எல்இடி ட்யூப் லைட்டே போதும். வீணைக்கு ஒரு பக்கம் கேமரா, எதிர்ப்பக்கம் அதே சாய்வில் ட்யூப். குதிரையிலிருந்து படத்தின் ஓரம் வரை ஒரே வெள்ளிக் கோடு கிடைக்கும். உங்கள் வீணையில் மேலே கம்பி சுற்றிய தடித்த தந்தி இருந்தால் அது மட்டும் மணி கோத்த மாதிரி மின்னும். படத்துக்கு அது நல்லதுதான்.

மஞ்சள் ஒளியை இந்த ட்யூபில் கொண்டுவராதீர்கள். பலா மரமே மஞ்சள். அதன் மேல் மஞ்சள் வெளிச்சம் அடித்தால் ரேகை ஆரஞ்சில் கரைந்துவிடும். ட்யூப் 4000 கெல்வின் அளவில் இருக்கட்டும். 2700 கெல்வின் பல்பு ஒன்றைத் தண்டியின் பக்கம், தாழ்வாக, கொஞ்சம் தள்ளி வையுங்கள். கீழே விரித்த அரக்குத் துணியில் அந்த மஞ்சள் படரும். கேமராவின் ஒயிட் பேலன்ஸைத் தானாக விடாமல் 4000-இல் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வைத்த மஞ்சளை அதுவே கழுவிவிடும்.

முக்காலியில் எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/8 நொடி அளவில் எடுத்தேன். எல்இடி சிமிட்டலின் பட்டைகள் இந்த வேகத்தில் விழாது. ஒன்று மட்டும்: யாராவது தந்தியைத் தொட்டால் அது அடங்கும் வரை கிளிக் செய்யாதீர்கள், கோடு கலங்கிவிடும். சுருதி சேர்த்த பிறகே எடுங்கள். தொய்ந்த தந்தியில் மின்னலும் நெளியும். வாசிக்கிறவர்கள் விரலுக்கு எண்ணெய் தொடுவதால் தந்தியில் பிசுக்கு இருக்கும், உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

முதல் நாள் சொதப்பல் என்றேனே, அது ஹாலஜன் விளக்கு. வீணையின் 24 மெட்டுகளும் தேன்மெழுகு, குங்கிலியம், கரி கலந்த கலவையில்தான் பதிந்து நிற்கின்றன. அரை மணி நேரத்தில் விளக்குப் பக்கம் இருந்த இரண்டு மெட்டு லேசாக அசைய ஆரம்பித்தது. வீணை டீச்சர் வாசித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, படம் அழகா இருக்கும், வீணை பாடாது" என்றார். மெட்டுக் கட்டுகிறவரை வரவழைத்துச் சரிசெய்த செலவு என்னுடையது.

அப்புறம், வடிவமைப்பாளரிடம் கொடுக்கும்போது படத்தை இடவலமாகத் திருப்பக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். எழுத்துக்கு இடம் வேண்டுமென்று எனக்கு ஒருவர் திருப்பிவிட்டார். குடம் தப்பான கைப்பக்கம் போனதை அந்தப் பள்ளியின் இரண்டாம் வகுப்புக் குழந்தைதான் முதலில் கண்டுபிடித்தது.