மொத்தம் மட்டும் இடிக்கிறதா? இப்படித் தேடுங்கள்

"மாத அறிக்கை எக்செல் ஷீட்டில் மொத்தம் லெட்ஜரைவிட 45,000 குறைவாக வருகிறது. ஃபார்முலா எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. மூன்று பேர் எடிட் செய்கிறோம். எங்கே தேடுவது?"

முதலில் யாரும் எதையும் திருத்த வேண்டாம். இப்போதுள்ள ஃபைலை அப்படியே ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியில் மட்டும் தேடுங்கள்.

ஷீட்டில் 45,000 என்றே ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: மொத்தத்துக்கு மேலே புதிதாகச் சேர்த்த வரி SUM எல்லைக்குள் வரவில்லை, அல்லது வேறு மென்பொருளிலிருந்து ஒட்டிய எண் டெக்ஸ்ட்டாக உட்கார்ந்திருக்கிறது. பார்க்க எண் போலவே இருக்கும், ஆனால் SUM அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். தொகைகள் D-யிலும் ஃபார்முலாக்கள் E-யிலும் இருந்தால் இவற்றைப் போடுங்கள்:

```
=SUMPRODUCT(--ISTEXT(D5:D60))
=SUMPRODUCT(--NOT(ISFORMULA(E5:E60)))
```

முதலாவது 0-க்கு மேல் வந்தால் டெக்ஸ்ட் இருக்கிறது. இரண்டாவது, ஃபார்முலா இருக்கவேண்டிய இடத்தில் யாரோ கையால் எண்ணை அடித்திருப்பதைக் காட்டும் (காலி செல்களும் இதில் சேரும்). ஆனால் `=C9*D9-45000` என்று ஃபார்முலாவுக்குள்ளேயே எண்ணைச் செருகியிருந்தால் இது பிடிக்காது, அதற்கு ஆப்ஷன்ஸில் R1C1 முறையை இயக்கி Ctrl+` அழுத்துங்கள், ஒரே நெடுவரிசையில் எல்லா ஃபார்முலாவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத் தெரியவேண்டும், மாறுபடுவதுதான் உங்கள் சந்தேக வரி.

அப்புறம், மூன்று பேர் கைவைக்கும் ஃபைலில் மாதம் முடிந்து ஒப்புதல் ஆனதும் ஒரு பிரதியை எடிட் அனுமதி இல்லாமல் பூட்டி வையுங்கள். அடுத்த முறை எந்த செல் மாறியது என்று ஒப்பிட அதுதான் ஆதாரம். லெட்ஜர் வித்தியாசம் 0 என்று காட்டும் ஒரு சரிபார்ப்பு செல்லும் வேண்டும், ஆனால் ஒன்றையொன்று ஈடுகட்டும் இரண்டு பிழைகளை அது காட்டாது.