‘ஐந்து வருட பி.பி.’ என்ற ஒரே வரியில் கிளெய்ம் மறுப்பு: பதில் கடிதம் எப்படி எழுதுவது?

கேள்வி: என் கணவருக்கு (வயது 52) 2025 ஜூலை 22-ல் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தோம். பில் 2,85,000 ரூபாய். நகையை அடகு வைத்துக் கட்டினோம். 2022 மார்ச் 14 முதல் பாலிசி இருக்கிறது, ஒரு வருடம்கூட பிரீமியம் தவறியதில்லை. ஆனால் ‘ஐந்து வருடமாக பி.பி. இருந்ததை மறைத்தீர்கள்’ என்று சொல்லி செப்டம்பர் 9-ல் கிளெய்மை மறுத்து, பாலிசியையும் ரத்து செய்வதாக எழுதிவிட்டார்கள். அவருக்கு பி.பி. என்று தெரிந்ததே 2022 நவம்பரில்தான். அவசரப் பிரிவில் என் கொழுந்தனார் பதற்றத்தில் ‘அஞ்சு வருஷமா இருக்கும்’ என்று சொன்னதை எழுதிவிட்டார்கள். ஏஜென்ட் இப்போது போனே எடுப்பதில்லை. நான் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தை இணைத்திருக்கிறேன். அனுப்பலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: அனுப்ப வேண்டாம் அம்மா. உங்கள் கடிதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதில் உள்ள இரண்டு வரிகள் உங்கள் வழக்கையே கெடுத்துவிடும்.

முதலில், எது முக்கியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாலிசி எடுக்கும்போது உடல்நலக் கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கொடுக்கும் முன்மொழிவுப் படிவத்தில் உங்கள் கணவர் கையெழுத்திட்ட தேதி 2022 மார்ச் 10. அந்த நாளில் தனக்கு பி.பி. இருப்பது அவருக்குத் தெரியுமா, தெரியாதா? வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்விதான். நகை அடகு, ஏஜென்ட்டின் நடத்தை, தவறாமல் கட்டிய பிரீமியம், கால் சென்டரில் அலைக்கழித்தது எதுவும் இதற்குப் பதில் ஆகாது. கடிதத்தில் இவற்றுக்கு ஒரு வரிகூட வேண்டாம்.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘அவருக்கு லேசான பி.பி.தான், எப்போதாவதுதான் மாத்திரை போடுவார், அதைப் போய் மறைத்தோம் என்பது அநியாயம்’ என்று இருக்கிறது. எப்போதிலிருந்து என்று அதில் சொல்லவில்லை. கம்பெனியின் வக்கீல் இந்த வரியை அடிக்கோடிட்டு, ‘பி.பி. இருந்ததை மனுதாரரே ஒப்புக்கொள்கிறார்’ என்று தாக்கல் செய்வார். மூன்றாம் பக்கத்தில் ‘ஏஜென்ட் எதையும் கேட்கவில்லை, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அவரே பூர்த்தி செய்தார்’ என்கிறீர்கள். படிக்காமல் கையெழுத்திட்டேன் என்பது காப்பாற்றாது என்று ரேகாபென் ராதோட் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலும், உங்கள் நிலைப்பாடு ‘அன்றைக்கு பி.பி. இல்லை, அதனால் இல்லை என்ற பதில் சரி’ என்பது. அதோடு ‘பதிலை நாங்கள் எழுதவே இல்லை’ என்றும் சேர்த்தால் இரண்டுமே பலவீனமாகிவிடும்.

இதற்கு நேர்மாறாக, சட்டம் உங்களுக்கு ஒரு பெரிய வசதியைத் தந்திருக்கிறது. மறுப்புக் கடிதத்தில் எழுதிய காரணத்தைத் தாண்டி, பிறகு புதுக் காரணத்தைக் கம்பெனி கொண்டுவர முடியாது. சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அவர்களின் காரணம் ஒன்றே ஒன்று என்றால் உங்கள் பதிலும் அந்த ஒன்றுக்கு மட்டும் இருக்கட்டும். நீங்களாகப் புதுத் தகவல் கொடுத்து அவர்களுக்கு வழி திறந்துவிடாதீர்கள்.

உறவினர் யாரோ ‘ஐந்து வருடம் ஆனால் கம்பெனி கேள்வியே கேட்க முடியாது’ என்றதையும் எழுதியிருக்கிறீர்கள். அது தொடர்ந்து 60 மாதம் பாலிசி இருந்தால்தான். உங்களுடையது 40 மாதம். எடுத்துவிடுங்கள்.

இனி கடிதம். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். பொருள் வரியில் பாலிசி எண், கிளெய்ம் எண், 09.09.2025 தேதியிட்ட மறுப்புக் கடிதத்தின் குறிப்பு எண் மூன்றும் வரட்டும். முதல் பத்தியில், எந்தக் காரணத்தால் மறுத்தார்கள் என்பதை அவர்களின் வார்த்தையிலேயே மேற்கோள் காட்டி, அது உண்மையல்ல என்று ஒரே வாக்கியத்தில் மறுத்துவிடுங்கள். அதன் பிறகு தேதிவாரி விவரம் வர வேண்டும். உங்கள் வழக்கில் அது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

மே 2021 – பணியில் சேரும் முன் நடந்த மருத்துவப் பரிசோதனை. ரத்த அழுத்தம் இயல்பு நிலை. (இணைப்பு 1)
10.03.2022 – முன்மொழிவுப் படிவத்தில் கையெழுத்து. (இணைப்பு 2)
14.03.2022 – பாலிசி தொடக்கம். (இணைப்பு 3)
நவம்பர் 2022 – ரத்த அழுத்தம் முதன்முதலில் கண்டறியப்பட்டது. மருத்துவர் சீட்டு. (இணைப்பு 4)
22.07.2025 – அவசரப் பிரிவில் சேர்க்கை. நோய் வரலாறு சொன்னவர் நோயாளியின் தம்பி. (இணைப்பு 5)
25.07.2025 – டிஸ்சார்ஜ். (இணைப்பு 6)
09.09.2025 – மறுப்புக் கடிதம். (இணைப்பு 7)

ஒவ்வொரு வரியிலும் தேதி, நடந்தது, இணைப்பு எண் மட்டும் இருக்க வேண்டும். இணைப்பு காட்ட முடியாத வரியை எழுதாதீர்கள். ‘இதிலிருந்து தெரிவது என்னவென்றால்’ போன்ற வாதத்தையும் அங்கே நுழைக்க வேண்டாம். இணைப்பு 1-க்கும் இணைப்பு 4-க்கும் நடுவில் பாலிசி தொடக்கம் நிற்பதைப் பார்க்கிறவரே புரிந்துகொள்வார்.

வேலையில் சேரும்போது நடந்த அந்தப் பரிசோதனையைப் பற்றி உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உங்களிடம் உள்ளதிலேயே வலுவான காகிதம் அதுதான். அலுவலக மனிதவளப் பிரிவில் எழுதிக் கேட்டு, சான்றிடப்பட்ட நகலாக வாங்குங்கள். ஐந்து வருடம் என்றால் 2020 ஜூலையிலேயே பி.பி. இருந்திருக்க வேண்டும். 2021 மே மாத ரீடிங் அதோடு பொருந்தாது.

இணைப்புப் பட்டியலை ‘மருத்துவ ஆவணங்கள் – 1 கட்டு’ என்று எழுதி அனுப்புவதுதான் பலரும் செய்வது. பிறகு அந்தக் கட்டில் ஒரு தாள் வரவில்லை என்று கம்பெனி சொன்னால், அனுப்பினோம் என்று நிரூபிக்க வழியே இருக்காது. ‘இணைப்பு 5: அவசரப் பிரிவு ஆரம்ப மதிப்பீட்டுத் தாள், 22.07.2025, 2 பக்கம், நகல்’ என்ற மாதிரி என்ன ஆவணம், என்ன தேதி, எத்தனை பக்கம், நகலா அசலா என்று தனித்தனியாக எழுதுங்கள். பக்கங்களுக்குத் தொடர் எண் போடுங்கள். அசல் எதையும் அனுப்ப வேண்டாம். கிளெய்மோடு கொடுத்துவிட்ட அசல்கள் எவை என்பதை மட்டும் தனியாக ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

என்னிடம் வந்தவர்களில் அதிகம் பேர் மாட்டிக்கொண்டது இந்த இணைப்புகளில்தான். பழைய சீட்டைப் படித்துப் பார்க்காமலே வைத்துவிடுவார்கள். உங்கள் 2022 நவம்பர் சீட்டை வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். மாத்திரைப் பெயருக்குப் பக்கத்தில் ‘கன்டினியூ’ என்றோ, மேலே ‘ரெவ்யூ’ என்றோ மருத்துவர் எழுதியிருந்தால், அதற்கு முன்பே மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அப்படி இருந்தால் ‘முதன்முதலில் கண்டறியப்பட்டது’ என்ற வரியை நீங்கள் எழுதவே கூடாது. பொய் சொன்னதாகிவிடும், சும்மா மறந்தார்கள் என்ற நிலையிலிருந்து திட்டமிட்டு மறைத்தார்கள் என்ற நிலைக்கு நீங்களே போய்விடுவீர்கள்.

இரண்டாவது, டிஸ்சார்ஜ் சம்மரியைத் திருத்தி வாங்குவது. ஆஸ்பத்திரியில் கெஞ்சி, ‘5 வருடம்’ என்பதை ‘2 வருடம்’ என்று மாற்றிப் புதிதாக அச்சடித்து வாங்கிவருவார்கள். கம்பெனி அனுப்பும் புலனாய்வாளர் அதற்கு முன்பே கேஸ் ஷீட்டை நகல் எடுத்திருப்பார். ஒரே உள்நோயாளி எண்ணில் இரண்டு சம்மரி இருந்தால், உண்மையான திருத்தம்கூட மோசடியாகத் தெரியும். பழைய சம்மரியை அப்படியே விடுங்கள். வரலாற்றைக் குறித்த மருத்துவரிடம், ‘22.07.2025 அன்று இந்த விவரம் நோயாளியிடம் கேட்கப்படவில்லை, உடன் வந்தவர் சொன்னது, முந்தைய சிகிச்சை ஆவணம் எதையும் பார்த்து எழுதியதல்ல’ என்று இன்றைய தேதியில், பதிவு எண்ணோடு தனி விளக்கக் கடிதம் வாங்குங்கள். அது உண்மையாக இருந்தால் மட்டும்.

அதற்கு முன் கேஸ் ஷீட் முழுவதையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். கேட்டு 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதி. சம்மரியில் ஒரு இடத்தில் இருக்கும் ‘5 வருடம்’ நர்ஸ் குறிப்பிலும் மயக்க மருந்து மருத்துவரின் தாளிலும் வேறு வேறாக இருப்பது உண்டு. அப்படி முரண் இருந்தால் அதுவே உங்களுக்குச் சாதகம். மூன்று இடத்திலும் ஐந்து என்றே இருந்து, அதில் ஒன்றை உங்கள் கணவரே சொல்லியிருந்தால், கொழுந்தனார் கதை நிற்காது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை. எல்லோரும் 2,85,000-ஐத் துரத்திக்கொண்டு, மறுப்புக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் இருக்கும் பாலிசி ரத்தை மறந்துவிடுகிறார்கள். ஸ்டென்ட் வைத்த 52 வயதுக்காரருக்குப் புதிய பாலிசி கிடைப்பது மிகக் கடினம். கிடைத்தாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு கிளெய்ம் கேட்க முடியாத காத்திருப்புக் காலம் முதலிலிருந்து ஓடும். அதனால் கடிதத்தின் கோரிக்கை இரண்டாக இருக்கட்டும்: கிளெய்ம் தொகை, ரத்தைத் திரும்பப் பெற்றுத் தொடர்ச்சியோடு பாலிசியை நடத்துவது. 2026 மார்ச் 13-ல் பாலிசி முடிகிறது. அதற்குள் புதுப்பிப்பு பிரீமியத்தை எழுத்து மூலம் செலுத்த முன்வாருங்கள். அவர்கள் வாங்க மறுத்தால் அந்த மறுப்பும் ஒரு ஆவணம்.

காலக்கெடுவிலும் ஏமாறாதீர்கள். காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மேனுக்குப் போக இந்தக் கடிதம் கட்டாயம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ஒரு வருடத்துக்குள் போகலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு மறுத்த நாளிலிருந்து இரண்டு வருடம். நீங்கள் மீண்டும் மீண்டும் கடிதம் போடுவதால் அந்த இரண்டு வருடம் நீளாது. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போடவும் முடியாது. ஆணையத்தில் வழக்கு இருந்தால் ஒம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார்.

சமரசத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். 2021 பரிசோதனைத் தாள் கையில் கிடைத்து, 2022 சீட்டில் ‘கன்டினியூ’ இல்லை என்றால் ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்க வேண்டாம். மறைத்ததை நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. சம்மரியின் ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு, எழுதிய மருத்துவரின் பிரமாண வாக்குமூலம் இல்லாமல் வாதாடுவது அவர்களுக்குக் கஷ்டம். அந்தத் தாள் கிடைக்கவில்லை, சீட்டும் சந்தேகமாக இருக்கிறது என்றால், ஒம்புட்ஸ்மேன் முன் சமரசப் பேச்சு வரும்போது பாதித் தொகைக்குக்கூட ஒப்புக்கொள்ளுங்கள், பாலிசியை உயிரோடு வைப்பார்கள் என்றால். பணம் முழுதாக வந்து பாலிசி போவதைவிட அது உங்கள் குடும்பத்துக்கு நல்லது. பாலிசி தொடரும் என்பது கையெழுத்திடும் ரசீதில் எழுத்தில் இருக்க வேண்டும். ‘முழு மற்றும் இறுதித் தீர்வு’ என்று மட்டும் அச்சடித்த வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாலிசி விஷயத்தைப் பிறகு பேசலாம் என்று வந்துவிடாதீர்கள்.

கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். உங்கள் கணவர் பெயரில், அவர் கையெழுத்தோடு போகட்டும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, அதே நாளில் குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சலுக்கும் இணைப்புகளோடு அனுப்புங்கள். டெலிவரி ஆன தேதியைக் காட்டும் சான்றை அச்செடுத்து வையுங்கள். ஒரு மாதக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.